ஓட்டம் நல்லா இருக்கு

கடைசி நிறுத்தத்தில் பஸ் நின்றதும் டிரைவர் கழிப்பறைக்கு ஓடுவார். ஓடுவது மட்டும்தான் வேகம். உள்ளே போய் நின்றபிறகு எல்லாமே மெதுவாகிவிடும். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வராது. ஒரு இருமல் இருமிப் பார்ப்பார். சொட்டும், நூல் மாதிரி கொஞ்சம் வரும், நிற்கும். முடிந்தது என்று கையைக் கழுவப் போனால் இன்னும் பாக்கி இருப்பதுபோலத் தோன்றும். திரும்பி வந்து நிற்பார். பக்கத்தில் இளவட்டங்கள் வருவார்கள், சடசடவென்று முடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போகும்வரை காலில் சுளுக்குப் பிடித்ததுபோல் குனிந்து தடவிக்கொண்டிருப்பார்.

"என்ன சம்பந்தி, உள்ளேயே குடித்தனம் வச்சிட்டீங்களா?" என்று வெளியே இருந்து கண்டக்டர் குரல் கொடுப்பார். "ஜனங்க ஏறி உட்கார்ந்து வேர்த்துக்கிட்டு இருக்காங்க!"

ஒரே பஸ்ஸில் பல வருஷமாகச் சேர்ந்து ஓடியவர்கள். டிரைவரின் மகளைக் கண்டக்டரின் மகனுக்குக் கொடுத்தபிறகு 'டேய்' போய் 'சம்பந்தி' வந்தது. கேலி மட்டும் போகவில்லை.

"வயசானா அப்படித்தான்யா. உங்களுக்கு என்ன தெரியும்."

"எனக்கா? எனக்கெல்லாம் குதிரை மாதிரி."

வீட்டில் கேலி செய்ய ஆள் இல்லை. ராத்திரி படுத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து போவார். வந்து படுப்பார். மறுபடியும் போவார். விடிவதற்குள் எத்தனை தடவை என்று அவரே எண்ணுவதை விட்டுவிட்டார். சாயங்காலத்துக்கு மேல் டீ குடிப்பதை நிறுத்திப் பார்த்தார், தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார். வாய்தான் காய்ந்தது. வண்டி ஓட்டும்போது கொட்டாவி வந்துகொண்டே இருந்தது.

மனைவி பிரஷர் மாத்திரை வாங்க டெப்போ கிளினிக்குக்குப் போனபோது அங்கே இருந்த டாக்டரிடம் சொல்லிவிட்டாள். "இவர் தூங்குறதே இல்லீங்க டாக்டர். ராத்திரி முழுக்க நடை."

மறுநாளே டிரைவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் சண்டை போட்டார்.

"என்னைக் கேட்காம ஏன் போய் சொன்ன?"

"கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுவீங்க."

"ஒண்ணுமில்லதான்."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படிக் கத்துறீங்க?"

கத்தியதற்குக் காரணம் இருந்தது. ஐம்பத்தைந்து தாண்டிய டிரைவர்களுக்கு வருஷா வருஷம் உடம்பு சோதனை உண்டு. அதில் ஏதாவது மாட்டினால் டிரைவர் சீட்டைவிட்டு இறக்கிவிடுவார்கள். டெப்போ கேட்டில் ஒரு ஸ்டூல் போட்டு, வண்டி வந்தால் கம்பியைத் தூக்கு, போனால் இறக்கு என்று உட்கார வைத்துவிடுவார்கள். அவருக்கு முன்னால் மொட்டை என்று ஒரு டிரைவர் இருந்தார். இதே மூத்திரக் கோளாறுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு ரெண்டு மாசம் லீவில் போனார். திரும்பி வந்தபோது அவர் பஸ்ஸில் வேறொருவன். அன்றிலிருந்து அவர் கேட்டில்தான். ஒவ்வொரு நாளும் வண்டியை வெளியே எடுக்கும்போது மொட்டை கம்பியைத் தூக்கிவிட்டு ஒரு சலாம் வைப்பார். அந்த சலாமைப் பார்க்கவே டிரைவருக்குப் பிடிக்காது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டீரிங் பிடித்த கை. வேறு எதுவும் தெரியாது. வேறு எதிலும் அவரை யாரும் மதித்ததும் இல்லை.

டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். சர்க்கரை இல்லை என்று பார்த்தார். கையுறை போட்டுப் பின்வழியே விரல் வைத்துச் சோதித்தார். டிரைவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இதுவரை பஸ் ஓட்டிப்போன எல்லா ஊர்த் தெய்வங்களையும் கூப்பிட்டார்.

"பிராஸ்டேட் வீங்கியிருக்கு. வழவழன்னுதான் இருக்கு, கட்டியா எதுவும் தட்டுப்படல. எதுக்கும் ரத்தம் ஒண்ணு குடுத்திடுங்க" என்றார் டாக்டர். பிறகு ஒரு தாளில் வரைந்து காட்டினார். மேலே ஒரு பை, அதிலிருந்து கீழே இறங்கும் குழாய், குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு சுரப்பி. "ஆம்பளைங்க எல்லாருக்கும் இருக்கிறது இது. தலை நரைக்கிற மாதிரி, வயசானா இதுவும் பெருசாகும். நடுவுல போற குழாயை நசுக்கும். பை முக்கி முக்கித் தள்ளும். கொஞ்ச நாள் தள்ளும், அப்புறம் அசந்துடும். முழுசா காலியாகாம உள்ள தங்கிடும். தங்கினா சீக்கிரமே திரும்ப வர்ற மாதிரி இருக்கும். அதான் ராத்திரி நடை."

"ஆபரேஷனா டாக்டர்?"

"அவசரப்படாதீங்க. முதல்ல எவ்வளவு வேகமா வருது, போனப்புறம் உள்ள எவ்வளவு மிச்சம்னு பார்க்கணும். நிறைய பேருக்கு மாத்திரையே போதும்."

டிரைவர் காதில் ஆபரேஷன் என்ற வார்த்தை மட்டும் நின்றது. அதைச் சொன்னவரும் அவரேதான்.

சோதனைக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். கழிப்பறைக்குள் ஒரு புனல் இருக்கும், அதில் போனால் மெஷினே வேகத்தைக் கணக்குப் போட்டுச் சீட்டில் அடித்துவிடும். பிறகு படுக்க வைத்து வயிற்றில் ஸ்கேன் பார்த்து மிச்சத்தைச் சொல்வார்கள்.

கண்டக்டரிடம் சொன்னபோது அவர் டிக்கெட் பையைத் தட்டிக்கொண்டே சிரித்தார். "உள்ள யாரு பார்க்கப் போறா? பாட்டில்ல தண்ணி கொண்டுபோய் ஊத்திட்டு வந்துடுங்க. மெஷினுக்கு என்ன, வாசனையா தெரியப்போகுது?"

"போய்யா, விளையாட்டா உங்களுக்கு."

அன்று மாலை வீட்டுக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, வண்டியில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்து வாளிக்கு மேல் சாய்த்துப் பார்த்தார் டிரைவர். முதலில் குபுக் குபுக்கென்று விழுந்தது. அது சரிப்படாது. கொஞ்சமாகச் சாய்த்து, காற்றுப் போக வழி விட்டு, ஒரே சீராக விழவைக்கப் பழகினார். கிளட்சை விடுகிற மாதிரிதான், கை பக்குவம்.

பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மனைவி கதவருகே நின்றிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா போச்சாங்க? சத்தம் கேட்டுச்சு."

"ம்."

"நான் சொல்லல? டாக்டர்கிட்ட காட்டினாலே பாதி பயம் போயிடும். பயத்துலதான் இத்தனை நாளா அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு."

அன்று அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

சோதனை நாளில் பாட்டிலை இடுப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போனார். வெளியே வந்ததும் மெஷின்காரப் பெண் சீட்டைக் கிழித்துப் பார்த்தாள். "ஓட்டம் நல்லா இருக்கு ஐயா. வாங்க, ஸ்கேன் பார்த்துடலாம்."

"எனக்கு ஷிப்ட் இருக்கும்மா. வண்டி வெளிய எடுக்கணும். நாளைக்கு வந்துடறேன்."

அவள் ரெண்டு தடவை சொன்னாள். அவர் அதற்குள் வாசலில் இருந்தார்.

நாளைக்கு அவர் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. மனைவி விடாமல் நச்சரித்தபிறகு ஒருநாள் போனார். பழைய டாக்டர் லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாக ஒரு இளம் டாக்டர். அவர் சீட்டைப் பார்த்தார்.

"ஓட்டம் நல்லா இருக்கே. முழுசா போற மாதிரி இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"அப்ப பிரச்சினை என்ன?"

"அடிக்கடி வருது. ராத்திரி தூக்கம் இல்ல."

அடைப்பு இல்லை, பைதான் சும்மா சும்மா துள்ளுகிறது என்று அந்த டாக்டர் நினைத்தார். சீட்டை நம்பினால் அப்படித்தான் நினைக்க முடியும். துள்ளுகிற பையை அடக்க ஒரு மாத்திரை எழுதினார். "வாய் காயும். மூத்திரம் அடைக்கிற மாதிரி இருந்தா உடனே நிறுத்திட்டு இங்க வந்துடணும். அந்த ஸ்கேனையும் எடுத்துட்டு வாங்க, மறக்காதீங்க."

ஏற்கெனவே தள்ள முடியாமல் அசந்து கிடந்த பையை அந்த மாத்திரை இன்னும் அசர வைத்தது. ஆனால் டிரைவருக்கு அது குணமாகத்தான் தெரிந்தது. முட்டிக்கொண்டு வரும் அவசரம் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் ஓட வேண்டியதில்லை. ராத்திரி எழுந்திருப்பது குறைந்தது. ஒருநாள் முழுசாகத் தூங்கினார். விடிந்து எழுந்தபோது படுக்கை நனைந்திருந்தது.

"என்னங்க இது?"

"தண்ணி குடிக்கிறப்போ கொட்டிட்டேன்."

அவள் விரிப்பை முகர்ந்து பார்க்கவில்லை. முகராமலே தெரிந்தது. சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் நனைந்தது. அவள் பழைய சேலையை நாலாக மடித்து அடியில் போட்டாள். நிறைந்த தொட்டி விளிம்பு தாண்டி வழிகிற மாதிரி வழிகிறது என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. பையில் பிடிமானம் தளர்ந்துவிட்டது, அதனால்தான் ஒழுகுகிறது, இந்த மாத்திரை போகப்போகப் பிடித்து நிறுத்திவிடும் என்று அவர் நினைத்தார். ஒரு வேளை கூடத் தவறாமல் விழுங்கினார்.

சாப்பாடு இறங்கவில்லை. கால் வீங்கி செருப்பு வார் இறுகியது. உடம்பெல்லாம் அரித்தது. ஒருநாள் மத்தியானம் கண்டக்டர் விசிலடித்தார், பஸ் நிற்கவில்லை. மறுபடி அடித்தார். நிறுத்தத்தில் நின்ற கூட்டம் கையைக் காட்டிக் கத்திக்கொண்டே பின்னால் போனது. கண்டக்டர் ஜனங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார்.

"சம்பந்தி! யோவ்! தூங்குறீரா?"

டிரைவர் கண் திறந்துதான் இருந்தது. எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். குரல் கேட்டதும் பிரேக்கை மிதித்தார். பஸ் ஒரு சக்கரம் நடைபாதையில் ஏற நின்றது. யாருக்கும் அடி இல்லை. டிரைவரை இறக்குவதற்காக அவர் இடுப்பைப் பிடித்த கண்டக்டரின் கை, தொப்புளுக்குக் கீழே எதையோ தொட்டு அப்படியே நின்றது.

"என்ன சம்பந்தி இது, பந்து மாதிரி?"

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். குழாயில் மாட்டிய பிளாஸ்டிக் பை நிறைந்தது, காலி செய்தார்கள், மறுபடி நிறைந்தது. இத்தனை தண்ணீர் ஒரு மனுஷன் வயிற்றுக்குள் இருந்ததா என்று கண்டக்டர் வாயைப் பிளந்தார். ரத்தம் சோதித்ததில் சிறுநீரகம் பாதிக்குமேல் அடிபட்டிருந்தது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் பின்னால் ஏறி அதை அழுத்தி வைத்திருந்தது.

அன்று ராத்திரியும் மறுநாளும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. மனைவிக்குச் சந்தோஷம். "நல்லா போகுதும்மா!" என்றாள் நர்ஸிடம்.

"இவ்வளவு போறது நல்லதில்லம்மா" என்றாள் நர்ஸ், கைநரம்பில் ஏறும் சலைனைச் சரிசெய்துகொண்டே. "எதைப் பிடிச்சு வைக்கணும், எதை விடணும்னு சிறுநீரகத்துக்கு இப்போதைக்குத் தெரியல. போறதுக்கு ஈடா நாங்க ஏத்தணும். இல்லன்னா ஆளு காய்ஞ்சிடுவாரு."

நாலைந்து நாளில் தலை தெளிந்தது. பெரிய டாக்டர் வந்தார், கையில் கிளினிக் சீட்டு. கட்டிலின் ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் கண்டக்டர்.

"இந்த மாத்திரையை நிறுத்தியாச்சு. இனிமே இதைத் தொடவே கூடாது" என்றார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஓட்டம் இவ்வளவு நல்லா இருந்திருக்கு. அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?"

டிரைவர் போர்வையை இடுப்புவரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஏன் கேட்கிறேன்னா, இந்தச் சீட்டு நிஜம்னா உங்க பைக்கு அப்ப வரைக்கும் நல்ல பலம் இருந்திருக்கு. மாத்திரையாலதான் அடைச்சிருக்கு. கொஞ்ச வாரம் குழாயோட விட்டு, சிறுநீரகம் தேறினதும் வழியில இருக்கிற சதையைக் குழாய் வழியாவே சுரண்டி எடுத்திடலாம். மேல கத்தி படாது. நீங்க முன்ன மாதிரி போகலாம். வண்டி கூட ஓட்டலாம்."

டிரைவர் முகத்தில் களை வந்தது. கண்டக்டர் அவர் தோளைத் தட்டினார். "பார்த்தீங்களா சம்பந்தி!"

"சீட்டு தப்புன்னா?" என்று கேட்டார் டிரைவர்.

"தப்புன்னா, வருஷக்கணக்கா பை தேய்ஞ்சு போயிருக்குன்னு அர்த்தம். வழியைத் திறந்து விட்டாலும் தள்ளப் பலம் இருக்காது. அப்ப முதல்ல பையோட பலத்தை அளந்து பார்க்காம நான் கை வைக்க மாட்டேன். அந்த ஆபரேஷன்ல ரத்தப்போக்கு, வேற தொந்தரவெல்லாம் உண்டு. வீணா பண்ணக் கூடாது."

டாக்டர் காத்திருந்தார். டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். சும்மா இருந்தால் போதும். தலையை ஆட்டினால் போதும். சீட்டு அவருக்காகப் பேசிக்கொள்ளும், இதுவரை பேசிய மாதிரியே. படுக்கைக்குக் கீழே கம்பியில் தொங்கிய பையை மனைவி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது இந்த நாலைந்து நாளில் அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

"அது நான் போனது இல்ல டாக்டர்" என்றார். "பாட்டில்ல இருந்து ஊத்தினேன்."

டாக்டர் சீட்டை மறுபடி பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சம்பந்தி, நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்" என்றார் கண்டக்டர். "சத்தியமா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"உங்க மேல ஒண்ணுமில்ல."

மனைவி நிமிர்ந்தாள். "அன்னிக்கு பாத்ரூம்ல கேட்டுச்சே, அந்தச் சத்தம்?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதுவும் பாட்டிலா?"

"ம்."

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். கண்டக்டர் பின்னாலேயே போனார். "தங்கச்சி, அழாதீங்க" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. "நான் அழலண்ணே. என்னை நினைச்சாதான் சிரிப்பா வருது. அன்னிக்கு நான் பாட்டுப் பாடினேன்."

ஒன்றரை மாசம் குழாயோடு இருந்தபிறகு பையின் பலத்தை அளந்தார்கள். மெல்லிய குழாய் வழியாகப் பைக்குள் தண்ணீரை ஏற்றிவிட்டு, நிற்க வைத்து, "இப்ப போங்க" என்றார்கள். டிரைவர் மூச்சைப் பிடித்து, நெற்றி நரம்பு புடைக்க முக்கினார். திரையில் ரெண்டு கோடுகள். வயிறு முக்குவதைக் காட்டிய கோடு மேலே ஏறியது. பை தள்ளுவதைக் காட்ட வேண்டிய கோடு தரையிலேயே ஓடியது. புனலில் ஒரு சொட்டும் விழவில்லை.

"போதும், உட்காருங்க" என்றார் பெரிய டாக்டர். "தினமும் நாலஞ்சு தடவை நீங்களே குழாய் விட்டு எடுத்துக்கணும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி அளந்து பார்ப்போம். திரும்பினாத் திரும்பலாம். எதிர்பார்க்காதீங்க. சிறுநீரகம் இதுக்குமேல கெடாம பார்த்துக்கலாம். போனது வராது."

டிரைவர் கேட்காததை மனைவி கேட்டாள். "பஸ் ஓட்டலாமா டாக்டர்?"

"குழாய் விடறதுக்காக யாரையும் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தச் சிறுநீரகத்தை வச்சுக்கிட்டு, ஒருநாள் வண்டியில நினைவு தப்பினவரை அம்பது அறுபது பேர் உட்கார்ற வண்டிக்கு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா." டிரைவர் பக்கம் திரும்பினார். "அன்னிக்கே மிச்சத்தை அளந்திருந்தா, அனேகமா மாத்திரையிலயே ஓட்டியிருக்கலாம். டிரைவர் சீட்டுலயே இருந்திருப்பீங்க."

டிரைவர் தலையாட்டினார். நிறுத்தம் எங்கே என்று யாரோ கேட்டு, இவர் வழி சொன்னதுபோல் ஆட்டினார்.

நர்ஸ் திரையை இழுத்து விட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். நுனி வளைந்த குழாயை உறையைப் பிரித்துக் கொடுத்தாள். "வளைவு மேல பார்த்து இருக்கணும். நடுவுல ஒரு இடத்துல முட்டும், அதான் வீங்கின இடம். அங்க வம்பு பண்ணாதீங்க. மூச்சை விட்டுட்டு மெதுவா தள்ளுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். "நீ வெளிய இரு."

"இருக்க மாட்டேன்."

"வெக்கமா இருக்குடி."

"இருக்கட்டும். படுங்க."

அவள் அளவு போட்ட பிளாஸ்டிக் குவளையைப் பிடித்துக்கொண்டாள். அவர் குழாயை உள்ளே விட்டார். முட்டியது. நிறுத்தினார், மூச்சை விட்டார், தள்ளினார். ஏதோ வழிவிட்ட மாதிரி இருந்தது. குவளையில் விழ ஆரம்பித்தது. மெல்லிசாக, சத்தமில்லாமல். ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டாகி நின்றது.

"எடுத்துடலாமா?" என்றாள் நர்ஸ்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் இருக்கா?"

வயிற்றை லேசாக அழுத்திப் பார்த்தார் டிரைவர்.

"இருக்கு" என்றார்.

அவள் குவளையை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து பிடித்தாள்.